"எச்சரிக்கையா இருங்க" என்பது எச்சரிக்கை ஆகாது: தோட்டத்து மக்களுக்குப் புயல் செய்தி எழுதுவது எப்படி

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படிங்க, உங்க ஆலயக் குழுவிலும் பேசுங்க.

2025 நவம்பர் கடைசி வாரம் மலாக்கா நீரிணையிலேயே ஒரு புயல் உருவானது. அதன் பெயர் சென்யார். முதலில் சுமத்திராவின் ஆச்சே கரையில் ஏறியது. பிறகு கிழக்கே திரும்பி, 27 இரவுக்கும் 28 அதிகாலைக்கும் இடையில் சிலாங்கூர் கரைக்கு வந்தது. நம் நெகிரி செம்பிலானுக்கு அடுத்த மாநிலம். கார்த்திகை தீபத்துக்கு ஒரு வாரம்கூட இல்லாத நேரம்.

அந்த மாதிரி நாட்களில் நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிற செய்திகளை நினைச்சுப் பாருங்க. "பெரிய புயல் வருது, எல்லாரும் எச்சரிக்கையா இருங்க, அதிகம் பகிருங்க" என்று ஒன்று வரும். கூடவே எந்த நாட்டிலோ எடுத்த அலைக் காணொளி ஒன்று வரும். படிக்கிறவருக்குப் பயம் வரும். ஆனா எழுந்து என்ன செய்யணும் என்று தெரியாது. பாட்டியை எங்கே கொண்டு போறது, எத்தனை மணிக்குள்ள போறது, நாளைக் காலையில் பெரட்டுக்குப் போகலாமா, எதற்கும் அதில் பதில் இருக்காது. படித்தவர் என்ன செய்யணும், எந்த நேரத்துக்குள் செய்யணும் என்பதைச் சொல்லாத செய்தியை நாம் அனுப்பவே கூடாது என்பது எங்கள் கருத்து.

நம் பக்கம் புயல் என்றால் என்ன என்பதே பலருக்குப் பழக்கம் இல்லை. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் பூமிச் சுழற்சி காற்றைத் திருப்புகிற விசை ரொம்பக் குறைவு. அதனால் புயல் சுழன்று திரள்வது அபூர்வம். 2001 டிசம்பர் 27-ஆம் தேதி வாமெய் என்ற புயல் ஜொகூரில் கரையேறியது. அதற்குப் பிறகு தீபகற்பத்துக்கு இப்படி ஒன்று வர ஏறக்குறைய 24 வருஷம் ஆனது.

அதனால் "புயல்" என்று கேட்டதும் நமக்குத் தமிழ்நாட்டுச் செய்திதான் ஞாபகம் வருது: கடல் அலை, மீனவர், சாய்ந்த தென்னை. பஹாவ் பக்கமோ கோலப்பிலா பக்கமோ தோட்டத்தில் இருக்கிறவர், "நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று விட்டுடுவார். ஆனால் வாமெய் வந்தபோது ஜொகூரில் உயிர்ச்சேதம் ஏற்பட்டது குனோங் பூலாய் மலைச்சரிவில். மழையும் மண்சரிவும்தான் அங்கே ஆளைக் கொன்றது. தோட்டத்துக்கு ஆபத்து மூணு வழியில் வரும்: ஓடையும் ஆறும் ஏறும், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்மேடு சரியும், பழைய மரம் விழும். செய்தி எழுதுகிறவர் முதலில் செய்ய வேண்டியது "புயல்" என்ற சொல்லை இந்த மூன்றாக உடைத்துச் சொல்வது.

அடுத்தது, எதைப் பார்த்து எழுதுவது? இரண்டு இடம் போதும். மழைக்கும் காற்றுக்கும் மலேசிய வானிலைத் துறை. அவங்க செயலியின் பெயர் myCuaca. தொடர்மழைக்கு அவங்க மூணு படி வச்சிருக்காங்க: வாஸ்படா மஞ்சள், பூரோக் ஆரஞ்சு, பஹாயா சிவப்பு. ஆற்று மட்டத்துக்கு வடிகால் நீர்ப்பாசனத் துறையின் publicinfobanjir.water.gov.my பக்கம். அங்கேயும் வாஸ்படா, அமாரான், பஹாயா என்று படிகள் உண்டு.

இங்கேதான் குழப்பம் வரும். வானிலைத் துறையின் "வாஸ்படா" மழை வரப்போகிறது என்பதைச் சொல்லும். ஆற்றுப் பக்கத்தில் வரும் "வாஸ்படா" தண்ணீர் இப்போதே வழக்கத்துக்கு மேல் ஏறியிருக்கிறது என்பதைச் சொல்லும். "வாஸ்படா போட்டுட்டாங்க" என்று மட்டும் எழுதினால் எதைச் சொல்றோம் என்று யாருக்கும் புரியாது. யார் சொன்னது, மழையா ஆறா, எந்த மாவட்டம், எத்தனை மணிக்கு வெளியிட்டது, இந்த நாலும் சேர்ந்து இருக்கணும். ஜெலெபுவுக்கு வந்த எச்சரிக்கையை "நெகிரி செம்பிலான்" என்று எழுதினால் போர்ட்டிக்சன்காரர் வீணாக அலைவார். அடுத்த முறை நம் செய்தியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

இன்னொன்றும் கவனிக்கணும். சென்யார் கரையேறியதும் வலுவிழந்தது. "புயல் வலுவிழந்தது" என்பது காற்றின் வேகத்தைப் பற்றிய பேச்சு. மழை அதற்குப் பிறகும் பெய்யும். மேலே மலையில் பெய்த தண்ணீர் கீழே நம் ஆற்றுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். ஆகவே அந்த வரியை மட்டும் தனியாக அனுப்பவே கூடாது. அதைப் பார்த்து ஆற்றோரம் இருக்கிறவங்க வீட்டுக்குத் திரும்பிடுவாங்க. கூடவே "ஆற்று மட்டம் இறங்கும் வரை திரும்பாதீர்கள்" என்ற வரியும் போகணும்.

சரி, எப்படித்தான் எழுதுவது? ஒரு மாதிரி கீழே. சென்யார் கரைக்கு வந்த நாளையே எடுத்துக்கொண்டோம். தோட்டத்து இடங்கள் கற்பனை. உங்க இடத்தையும் அன்றைய அறிவிப்பையும் வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆலயத் தொண்டர் குழு. நவம்பர் 27, வியாழக்கிழமை, மாலை 4 மணி.
இன்று இரவு முதல் நாளை மாலை வரை நம் மாவட்டத்தில் கனமழையும் பலத்த காற்றும் வரலாம். சொன்னது: மலேசிய வானிலைத் துறை, இன்று மதியம் 2 மணி.
ஓடையோரக் கீழ் லயத்தில் இருப்பவர்களும் மண்மேட்டுக்குக் கீழே வீடு உள்ளவர்களும்: இருட்டுவதற்கு முன், 6 மணிக்குள், மேல் லயத்து உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். உறவினர் இல்லாதவர்கள் தமிழ்ப்பள்ளி எதிரில் உள்ள மண்டபத்துக்குப் போகலாம். அரசு நிவாரண மையம் அங்கே திறந்திருக்கிறது.
எடுத்துக்கொள்ளுங்கள்: ஐசி, மூன்று நாள் மருந்து, டார்ச் லைட், கைப்பேசி சார்ஜர், குழந்தைக்குப் பால்மாவு.
மற்றவர்கள்: பழைய மரத்தடியில் வண்டி நிறுத்தாதீர்கள். நாளைக் காலை வேலை உண்டா என்று மண்டோரிடம் இன்றிரவே கேளுங்கள்.
பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் மோட்டார் சைக்கிளிலோ காரிலோ கடக்காதீர்கள்.
ஆபத்து என்றால் 999.
அடுத்த செய்தி இரவு 9 மணிக்கு இதே குழுவில். அதற்குள் தண்ணீர் ஏறினால் செய்திக்காகக் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

இவ்வளவுதான். இதில் சில வரிகளுக்குக் காரணம் சொல்றோம்.

தேதியும் நேரமும் முதல் வரியில் இருப்பது பழைய செய்தி மறுபடி சுற்றாமல் இருக்க. "இன்று இரவு" என்று மட்டும் எழுதினால், அதை யாராவது இரண்டு நாள் கழித்து அனுப்பும்போது மறுபடியும் பீதி.

ஆறு மணி என்று கெடு வைத்தது வெளிச்சத்துக்காக. தோட்டத்து மண்சாலையில் மின்சாரமும் போன இருட்டில், தண்ணீர் எவ்வளவு ஆழம், பாலம் இருக்கா என்று பார்க்க முடியாது. நாலு மணிக்கு அனுப்பினால் வேலை முடிந்து வந்தவர் இரண்டு மணி நேரத்தில் மூட்டை கட்டிடலாம். ராத்திரி பத்து மணிக்கு அனுப்புகிற செய்தி, விடிகாலையில் பால்வெட்டுக்குப் போகிறவர் கண்ணில் படாது. அதற்குள் தூங்கிடுவார்.

யார் யார் போகணும் என்று லயத்தைக் குறிப்பிட்டுச் சொன்னதால் மற்றவங்க வீட்டிலேயே நிம்மதியாக இருக்கலாம். எல்லாரையும் கிளம்பச் சொன்னால் யாரும் கிளம்ப மாட்டாங்க.

மண்மேட்டுக்குக் கீழே இருக்கிறவங்களுக்குத் தனியாக ஒரு குரல் செய்தி அனுப்புங்க. வீட்டுக்குப் பின்னால் தரையில் புது வெடிப்பு, நேராக நின்ற மரம் சாய்வது, தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று சேறாக வருவது, இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் உடனே வெளியேறணும். எழுத்து படிக்கச் சிரமப்படுகிற நம் தாத்தா பாட்டிகளுக்கும் குரல் செய்திதான் உதவும். அதே லயத்தில் வங்காளதேசத்துத் தம்பிமாரும் இந்தோனேசியத் தொழிலாளர்களும் இருந்தால், மலாயில் நாலு வரி சேர்த்து அனுப்புங்கள். தண்ணீர் ஆளைப் பார்த்து வராது.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். "எல்லாரும் கோயிலுக்கு வந்துடுங்க" என்று எழுதும் ஆசை நமக்கு உண்டு. நல்ல மனசுதான். ஆனால் நம் தோட்டத்துக் கோயில்கள் பல ஓடைக்கரையில், பள்ளத்தில், பெரிய அரசமரத்தடியில் இருக்கு. வெள்ளம் முதலில் வருவதும் மரம் விழுவதும் அங்கேதான். நிவாரண மையம் எது என்பதை மாவட்ட நிர்வாகமும் சமூக நலத் துறையும் தீர்மானிக்கிறாங்க. சாப்பாடும் படுக்கையும் அங்கேதான் போய்ச் சேரும். மேட்டில் நல்ல மண்டபம் உள்ள ஆலயம், மழைக்காலத்துக்கு முன்பே மாவட்ட அலுவலகத்தில் பேசி வைக்கலாம். அதுவரை நம் செய்தியில் அவங்க திறந்த மையத்தின் பெயரைத்தான் போடணும், அதுவும் திறந்தது உறுதியான பிறகு.

"பொய் எச்சரிக்கை ஆகிட்டா நம்ம பேரு கெட்டுடுமே, அரசாங்கம் சொல்லட்டும், நமக்கு ஏன்?" என்று சில பெரியவங்க கேட்கிறாங்க. நியாயமான கேள்விதான். புயலின் பாதை மாறும், மழை வராமலே போகலாம். அதனால்தான் மாதிரியில் "வரலாம்" என்று எழுதி, சொன்னவர் பெயரையும் நேரத்தையும் போட்டோம். நாம் கணிப்புச் சொல்லவில்லை. அவங்க சொன்னதை நம் லயத்துக்கும் நம் பாலத்துக்கும் பொருத்திச் சொல்றோம். எந்த வீட்டில் டயாலிசிஸ் போகிற ஐயா இருக்கார், எந்த வீட்டில் பாட்டி தனியா இருக்காங்க என்பது தலைநகரில் இருக்கிற அதிகாரிக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். மழை வராமல் போனாலும் இரவு 9 மணிச் செய்தியை அனுப்பணும். "அறிவிப்பு நீக்கப்பட்டது, வீட்டுக்குத் திரும்பலாம்" என்று நேரத்தோடு சொல்லி முடித்தால்தான் அடுத்த முறையும் நம்புவாங்க.

சென்யார் வந்த அதே வாரம் இலங்கையில் டிட்வா புயல் மலையகத்தைச் சிதைத்தது. மண்சரிவில் தோட்டத்து லயங்களில் இருந்த நம் மக்கள் பலர் போய்ச் சேர்ந்தாங்க. எச்சரிக்கைகள் தமிழில் சரியாக, நேரத்தோடு வந்து சேரவில்லை என்ற குறை அங்கே எழுந்தது. இங்கேயும் அறிவிப்பு பெரும்பாலும் மலாயில்தான் வரும். அதைத் தமிழில், தோட்டத்துப் பேச்சில் மாற்றிக் கொடுக்க நம்மால் முடியும்.

அதனால் ஒவ்வொரு ஆலயக் குழுவும் இந்த வாரமே மூன்று பட்டியல் எழுதி வையுங்க: தண்ணீர் முதலில் ஏறும் வீடுகள், தூக்கிக் கொண்டு போக வேண்டியவங்க, அவங்களை ஏற்றிப் போக வண்டி உள்ளவங்க. செய்தியை எழுதி அனுப்ப ஒருவர், அனுப்பும் முன் நேரத்தையும் இடத்தையும் சரிபார்க்க இன்னொருவர் என்று பெயர் குறியுங்கள். வடகிழக்குப் பருவமழை மார்ச் வரை இருக்கு.

ஆலயத் தொண்டர் குழு