வரவும் செலவும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை

கேள்வி: ஆழ்துளைக் கிணறு போட 1,20,000 ரூபாய் கடன் வாங்கப் போகிறோம். ஐந்து வருடத்தில் கட்ட வேண்டும். திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுத்தவர் வரவு, செலவு இரண்டையும் வருடத்துக்கு 5 சதவீதம் உயர்த்திக் காட்டியிருக்கிறார். அதன்படி ஐந்தாம் வருடம் நல்ல மிச்சம் வருகிறது. நம்பலாமா?

பதில்: இதைக் கேட்டிருப்பவர் பெரியபாளையத்தை அடுத்த, திருவள்ளூர் மாவட்டத்து ஆரணிக்காரர். (திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி என்று நினைத்துவிட வேண்டாம்.) சொந்தமாக மூன்று ஏக்கர், மின் இணைப்பு இருக்கிறது, பழைய கிணற்றில் தண்ணீர் போதவில்லை. சம்பா மட்டும் நெல் வைக்கிறார். கணக்கு நோட்டையும் சேர்த்து அனுப்பியிருப்பதால் விவரமாகப் பார்க்க முடிகிறது.

இன்றைய விலையில் அவருடைய கணக்கு இது. ஏக்கருக்கு 24 குவிண்டால் வீதம் 72 குவிண்டால். கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரகத்துக்கு 2025-26இல் மத்திய அரசின் ஆதார விலை 2,369 ரூபாய், மாநில ஊக்கத்தொகை 131 ரூபாய், ஆக 2,500 ரூபாய். வரவு 1,80,000 ரூபாய். செலவில் நடவு, களை உள்ளிட்ட ஆள் கூலி 66,000 ரூபாய். உழவு, அறுவடை இயந்திர வாடகை 36,000 ரூபாய். விதை, உரம், மருந்து 27,000 ரூபாய். மொத்தம் 1,29,000 போக மிச்சம் 51,000 ரூபாய். 9 சதவீத வட்டியில் வருடத் தவணை சுமார் 30,850 ரூபாய் வருகிறது.

எல்லாவற்றையும் 5 சதவீதம் உயர்த்தினால் மிச்சமும் 5 சதவீதம் உயரும். ஐந்தாம் வருடம் அது 65,000 ரூபாயாகி, தவணை போக 34,000 ரூபாய் கையில் நிற்கும். அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது. கூட்டல் பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் நெல் விலை ஏறும் வேகத்தில்தான் நடவுக் கூலியும் ஏறும் என்று எடுத்துக்கொண்டதுதான் தவறு.

நெல் விலையை முதலில் பார்ப்போம். சாதாரண ரக ஆதார விலை 2014-15இல் 1,360 ரூபாய். 2025-26இல் 2,369 ரூபாய். பதினோரு வருடத்தில் சராசரியாக வருடத்துக்கு 5 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரு வருடம் 200 ரூபாய் கூடியிருக்கிறது (2018-19), இன்னொரு வருடம் 53 ரூபாய்தான் (2020-21). ஆகவே சராசரி 5 என்று வைப்பது சரியே. அதற்கு மேல் வைக்கக் கூடாது. ஊக்கத்தொகையும் ஒவ்வொரு வருடமும் அரசு தனியாக அறிவிப்பதுதான்.

கூலியோ வேறு கதை. நூறு நாள் வேலைத் திட்டத்தின் தினக்கூலி தமிழ்நாட்டில் 2014-15இல் 167 ரூபாய், 2025-26இல் 336 ரூபாய். இது வருடத்துக்கு ஆறரை சதவீதம். அரசு நிர்ணயிக்கும் கூலியே இப்படி. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேன் வந்து ஆள் ஏற்றிச் செல்லும் ஊர்களில் வயல் கூலி அதற்கும் மேலே போகும். ஆலைச் சம்பளத்தோடு போட்டி போட்டுத்தான் நடவுக்கு ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. வாசகரின் நோட்டில் ஐந்து வருடத்துக்கு முன் நடவுக் கூலி 260 ரூபாய், இப்போது 400 ரூபாய். 400ஐ 260ஆல் வகுத்தால் 1.54. கால்குலேட்டரில் 1.09ஐ ஐந்து முறை பெருக்கினாலும் 1.54தான் வரும். அதாவது கூலி வருடத்துக்கு 9 சதவீதம் ஏறியிருக்கிறது. மற்றச் செலவுகளின் வேகத்தையும் இப்படியே பழைய ரசீது, புதிய ரசீது இரண்டையும் வைத்துக் கண்டுபிடிக்கலாம். இடைப்பட்ட வருடம் ஐந்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஒரு வருட ஏற்றத்தை மட்டும் பார்த்தால் டீசல் விலை ஒரு தடவை எகிறியதைக்கூட நிரந்தர வேகம் என்று நினைத்துவிடுவோம்.

அவர் ரசீதுகளின்படி இயந்திர வாடகை 7 சதவீதம், இடுபொருள் 4 சதவீதம். இடுபொருள் மெதுவாக ஏறக் காரணம் தெரிந்ததே. 45 கிலோ யூரியா மூட்டை பல வருடமாக 266 ரூபாய் 50 காசிலேயே நிற்கிறது. மருந்து விலைதான் ஏறுகிறது. மானியம் மாறினால் இந்த 4 சதவீதமும் மாறும்.

இனி ஒவ்வொரு இனத்தையும் அதனதன் வேகத்தில் ஐந்து வருடம் கொண்டுபோவோம். வரவு 2,29,700 ரூபாய் ஆகும். கூலி 1,01,500, வாடகை 50,500, இடுபொருள் 32,900. மிச்சம் சுமார் 44,800 ரூபாய். அறிக்கை சொன்ன 65,000 எங்கே, இது எங்கே! விளைச்சலும் குறையவில்லை, விலையும் குறையவில்லை. வரவை விட வேகமாக ஏறும் கூலி, செலவில் பாதிக்கு மேல் இருப்பதால் மிச்சம் வருடா வருடம் கரைகிறது. முதல் வருடம் 50,500, மூன்றாம் வருடம் 48,400, ஐந்தாம் வருடம் 44,800. ரூபாய்க் கணக்கில் கொஞ்சம்தான் குறைகிறது என்று தோன்றும். மளிகையும் பள்ளிக் கட்டணமும் இதற்குள் ஏறிவிடுவதால் குடும்பத்துக்கு அது பெரிய குறைவு.

தவணை மட்டும் ஏறாது. முதல் வருடமும் 30,850தான், ஐந்தாம் வருடமும் 30,850தான். இது கடன் வாங்குபவருக்குச் சாதகம். அதனால் தவணையையும் 5 சதவீதம் உயர்த்திக் கணக்குப் போடக் கூடாது. சிலர் இதற்கு நேர்மாறாக, வரவு செலவை இன்றைய விலையிலேயே ஐந்து வருடமும் நிறுத்திவைத்துத் தவணையைக் கழிக்கிறார்கள். அதுவும் பொருந்தாது. 9 சதவீத வட்டிக்குள் விலைவாசி ஏற்றமும் அடங்கியிருக்கிறது. தவணை வரப்போகிற ரூபாயில் இருந்தால், வரவு செலவும் அந்தந்த வருட ரூபாயில்தான் இருக்க வேண்டும்.

இப்போது தவணை போக ஐந்தாம் வருடம் மிஞ்சுவது சுமார் 14,000 ரூபாய். கட்டிவிடலாம். ஆனால் அந்த வருடம் வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாற்றில் வெள்ளம் வந்து விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வரவில் 23,000 ரூபாய் போய்விடும். தவணைக்கே 9,000 ரூபாய் வெளியில் வாங்க வேண்டும். பழைய அறிக்கையின்படி அதே நஷ்டம் வந்தாலும் 11,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். கடனை வாங்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான்.

இயந்திர நடவைப் பற்றியும் அவர் கேட்டிருக்கிறார். நடவுக்கு மட்டும் மூன்று ஏக்கருக்கு 21,000 ரூபாய் கூலி ஆகிறது. நாற்றங்கால் தட்டு உட்பட இயந்திர நடவுக்கு 18,000 ரூபாய் சொல்கிறார்களாம். இன்று 3,000 ரூபாய்தான் லாபம், இதற்காக ஏன் வேலை முறையை மாற்ற வேண்டும் என்பது அவர் தயக்கம். 9 சதவீதத்தில் ஏறும் செலவை 7 சதவீதத்தில் ஏறும் செலவாக மாற்றுவதுதான் இதில் உள்ள பெரிய பயன். ஐந்தாம் வருடம் கூலி நடவு 32,300, இயந்திர நடவு 25,200 என்று வித்தியாசம் 7,000 ரூபாய்க்கு மேல் போகிறது. அப்போது தவணை போக மிஞ்சுவது 14,000க்குப் பதில் 21,000 ரூபாய். பத்தில் ஒரு பங்கு விளைச்சல் போனாலும் துண்டு விழுவது 2,000 ரூபாய்தான்.

மேலே உள்ள 9, 7, 4 எல்லாம் இவருடைய ரசீதுகளிலிருந்து வந்தவை. சிப்காட் வேன் போகாத ஊரில் கூலியின் வேகம் வேறாக இருக்கும். ஆதார விலை அறிவிப்பு வந்ததும் அந்த எண்ணை முதலில் திருத்திவிட்டு, அடுத்து நடவு முடிந்ததும் கூலியைத் திருத்திப் பார்த்தால், மீதி வருடங்களின் கணக்கு கையோடு புதுப்பிக்கப்பட்டுவிடும்.