சிலையா, வரைபடமா?

மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் போகிற சாலையில் விடிந்ததிலிருந்து உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த பெண் ஒருத்தி, என் நண்பரின் மகள். அப்பா கல்லில் செய்வதை அவள் கணினியில் வரைகிறாள். கோயில் விமானத்துக்கு அளவுகளோடு வரைபடம் போட்டு, வெளிநாட்டுக் கோயில் கமிட்டிகளுக்கு அனுப்புவது அவள் தொழில். போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் போனும் கையுமாக வந்தாள். "மாமா, காசு வந்துடுச்சுன்னு பேங்க்லருந்து மெயில் வந்து ஆறு நாளாச்சு. அக்கவுன்ட்ல ஒரு ரூபாய்கூட ஏறல. செங்கல்பட்டு பிராஞ்சுக்கு ரெண்டு தடவை போயிட்டேன், இன்னும் வரலைங்கறாங்க. மெயில்ல ஷிப்பிங் பில் கேக்கறாங்க. நான் எந்தக் கப்பல்ல எதை ஏத்தினேன்?" என்றாள்.

வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். இந்தக் கேள்வியை மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வீட்டிலிருந்து வெளிநாட்டுக்கு வேலை செய்கிறவர்கள் இன்று கோவளம் முதல் கல்பாக்கம் வரை கடற்கரை முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்காக இவள் கதையை முழுதாகச் சொல்கிறேன்.

முதலில், அந்தப் பணம் எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். டொராண்டோவில் இருக்கும் கமிட்டி 1,500 அமெரிக்க டாலர் அனுப்பியது. அனுப்பியது டாலர் என்றாலும், டாலர் நோட்டு எதுவும் கடல் தாண்டி வருவதில்லை. ஸ்விஃப்ட் வலையில் ஒரு செய்திதான் வருகிறது. வெளிநாட்டு வங்கி ஒன்றில் நம் வங்கி வைத்திருக்கும் டாலர் கணக்கில் அந்தத் தொகை வரவாகிறது. இந்தக் கணக்குக்கு நாஸ்ட்ரோ என்று பெயர். அதை ரூபாயாக மாற்றி நம் கணக்கில் போடுவது தனி வேலை. அதைச் செய்வது உள்ளூர்க் கிளை அல்ல. பெருநகரத்தில் இருக்கும் அந்நியச் செலாவணிப் பிரிவு. செங்கல்பட்டுக் கிளையில் இருப்பவரின் திரையில் அவள் கணக்கு தெரியும், ஆனால் மாற்றப்படாமல் நிற்கும் அந்த டாலர் பெரும்பாலும் தெரியாது. அதனால்தான் "இன்னும் வரலைம்மா" என்று அவர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை.

மாற்றுவதற்கு முன் வங்கி ஒரு கேள்விக்குப் பதில் பெற்றாக வேண்டும்: இந்தப் பணம் எதற்காக வந்தது? 1999-ஆம் ஆண்டின் ஃபெமா சட்டப்படி, உள்ளே வரும் அந்நியச் செலாவணியை அதன் காரணத்தோடு வங்கி ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் காரணத்தைச் சொல்லும் குறியீடுதான் பர்பஸ் கோடு. உள்ளே வரும் பணத்துக்கு P என்ற எழுத்தும் வெளியே போகும் பணத்துக்கு S என்ற எழுத்தும் முன்னால் நிற்கும். அதற்கடுத்த இரண்டு இலக்கம் எந்த இனம் என்று சொல்லும். 01 என்றால் சரக்கு ஏற்றுமதி, 08 என்றால் கணினி, தகவல் சேவைகள், 10 என்றால் மற்றத் தொழில் சேவைகள், 13 என்றால் குடும்பச் செலவு, அன்பளிப்பு போன்றவை. மென்பொருள் ஆலோசனைக்கு `P0802`, கட்டடக் கலைச் சேவைக்கு `P1009`, நிர்வாக ஆலோசனைக்கு `P1006`. நாட்டின் வரவு செலவுக் கணக்கு இந்தக் குறியீடுகளிலிருந்துதான் தொகுக்கப்படுகிறது.

அவளிடம் ஏன் ஷிப்பிங் பில் கேட்டார்கள்? கமிட்டியின் பொருளாளர் பணம் அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் "MURUGAN STATUE" என்று எழுதியிருந்தார். இவளும் தன் இன்வாய்ஸில் "Sculpture work" என்று ஒரே வரியில் முடித்திருந்தாள். ஊர் மாமல்லபுரம். இங்கிருந்து கற்சிலைகள் பெட்டி பெட்டியாகக் கப்பலேறுவது வங்கிக்குத் தெரிந்த விஷயம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற அதிகாரி, சிலை ஏற்றுமதிக்கான முன்பணம் என்றுதான் முடிவுக்கு வருவார். சிலை என்றால் ஏற்றுமதியாளரின் ஐ.இ.சி. எண் வேண்டும், சுங்கத்துறையின் ஷிப்பிங் பில் வேண்டும். வரைபடத்துக்கு அவை எதுவும் கிடையாது. அவள் அனுப்பியது மின்னஞ்சலில் போன பி.டி.எஃப். கோப்புகள்.

இதற்குள் அவளுக்கு இரண்டு யோசனைகள் கிடைத்திருந்தன. "சரக்கு முன்பணம்னே போட்டுடு, காசு உடனே வந்துடும்" என்று ஒருவர் சொல்லியிருந்தார். அந்தக் குறியீடு `P0103`. அதைப் போட்டிருந்தால் பணம் வந்திருக்கக்கூடும். ஆனால் சரக்குக்கு வரும் முன்பணம் ஒவ்வொன்றும் ரிசர்வ் வங்கியின் ஏற்றுமதிக் கண்காணிப்புக் கணினியில் பதிவாகிறது. பிறகு ஒரு ஷிப்பிங் பில் வந்து அதோடு பொருந்தினால்தான் அந்தப் பதிவு மூடும். அவள் எந்தக் காலத்திலும் சரக்கு அனுப்பப் போவதில்லை. எனவே அந்தப் பதிவு திறந்தே கிடக்கும், சரக்கு எங்கே என்று வங்கியிலிருந்து கடிதம் வந்துகொண்டே இருக்கும். ஒரு வாரத் தாமதத்தைத் தவிர்க்கப் போய் வருடக்கணக்கான தலைவலியை வாங்கிக்கொள்வாள்.

இன்னொரு தோழியின் யோசனை, குடும்பச் செலவுக்கு வந்த பணம் என்று `P1301` போடுவது. அதற்கு எந்தக் காகிதமும் கேட்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. இது முதல் யோசனையைவிட மோசம். அந்தக் குறியீடு வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் தன் வீட்டுக்கு அனுப்பும் பணத்துக்கானது. வேலைக்கு வாங்கிய கூலியை அப்படிச் சொல்வது பொய்யான உறுதிமொழி. பணம் வரவான பிறகு வங்கி தரும் அந்நிய வரவுச் சான்றிலும் அதே காரணம்தான் அச்சாகும். ஃபிரா என்று வங்கியில் சொல்வது இதைத்தான். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் சேவை ஏற்றுமதிக்கு வரி இல்லை என்று காட்ட, அந்நியச் செலாவணியில் கூலி வந்ததற்கு இந்தச் சான்றைத்தான் முன்வைக்கிறார்கள். அதில் "குடும்பச் செலவு" என்று இருந்தால் ஏற்றுமதி என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடும்.

சரியான வழி என்ன? அவள் செய்தது கோயில் கட்டடத்துக்கான வரைபடம், ஆகவே `P1009`. அதைச் சொன்னால் மட்டும் போதாது, காகிதத்தில் காட்ட வேண்டும். "இன்வாய்ஸை அழிச்சுட்டுப் புதுசா எழுதிடவா மாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பணம் வந்த பிறகு பழைய தேதி போட்டு மாற்றிய இன்வாய்ஸ் அதிகாரியின் கண்ணுக்கு உடனே தெரியும். பிறகு மற்றக் காகிதங்களையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். பழைய இன்வாய்ஸையே வைத்துக்கொண்டு அதற்கு விளக்கம் சேர்ப்பதுதான் முறை.

நான்கு காகிதம் சேர்த்தோம். முதலாவது, அதே இன்வாய்ஸ். இரண்டாவது, வேலையைக் கொடுத்தபோது கமிட்டி எழுதிய மின்னஞ்சல். என்னென்ன வரைபடம் வேண்டும் என்று அதில் பட்டியல் இருந்தது. மூன்றாவது, அன்றைக்குக் கேட்டு வாங்கிய ஒரு புது மின்னஞ்சல். பணம் வரைபடங்களுக்கானது, சிலை எதுவும் வாங்கவில்லை என்று பொருளாளர் அதில் எழுதிக் கொடுத்தார். நான்காவது வங்கிக்கு அவள் எழுதும் கடிதம். டிஸ்போசல் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று வங்கி கேட்பது இதுதான். பல வங்கிகள் அதற்கென்று படிவமோ, இணையப் பக்கமோ வைத்திருக்கின்றன. வந்த பணத்தின் எண், அனுப்பியவர், தொகை, பர்பஸ் கோடு, எந்தக் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். "சரக்கு எதுவும் அனுப்பப்படவில்லை, வரைபடக் கோப்புகள் மின்னஞ்சலில் ஒப்படைக்கப்பட்டன" என்று ஒரு வாக்கியமும் சேர்க்கச் சொன்னேன். அதிகாரி குறிப்பில் எழுத வேண்டிய வாக்கியம் அதுதான். நாமே எழுதிக் கொடுத்தால் அவர் வேலை எளிது.

இரண்டு சின்ன முடிச்சுகளையும் அவிழ்க்க வேண்டியிருந்தது. இன்வாய்ஸில் 1,500 டாலர், வந்திருந்தது 1,480. நடுவில் இருந்த வங்கி 20 டாலரைத் தன் கட்டணமாக எடுத்துக்கொண்டது. கட்டணத்தை இரு தரப்பும் பகிர்வது என்று அனுப்பியவர் தேர்வு செய்தால் இப்படித்தான் குறையும். அதையும் கடிதத்தில் ஒரு வரியாகச் சொன்னோம். அடுத்தது பெயர். நம் ஊரில் பெயருக்கு முன்னால் இனிஷியல். வங்கிக் கணக்கில் இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, இன்வாய்ஸில் இரண்டும் இல்லாமல் வெறும் பெயர். வெளிநாட்டிலிருந்து வரும் செய்தியில் உள்ள பெயர் கணக்கில் உள்ள பெயரோடு பொருந்தாவிட்டால், அதற்காகவே பணத்தை நிறுத்தி வைப்பதுண்டு. இவளுக்கு அது தப்பியது. இனிமேல் வங்கிக் கணக்கில் எப்படி இருக்கிறதோ, அப்படியே எழுத்து மாறாமல் இன்வாய்ஸிலும் எழுத வேண்டும்.

காகிதங்கள் அந்நியச் செலாவணிப் பிரிவின் மின்னஞ்சலுக்குப் போயின. மூன்றாம் வேலைநாளில் பணம் ஏறியது. மாற்றும் விலை, பணம் வந்த அன்றைய விலை அல்ல; ரூபாயாக்கிய அன்றைய விலை. நாம் தாமதித்தால் நடுவில் டாலர் ஏறினாலும் இறங்கினாலும் அது நம்மைத்தான் சேரும். கணக்குக்கு வசதியாக டாலரை 88 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,480 டாலருக்கு 1,30,240 ரூபாய். செலாவணி மாற்றத்துக்கான ஜி.எஸ்.டி. இதில் சுமார் 207 ரூபாய். அது போக வங்கிக் கட்டணம் வங்கிக்கு வங்கி வேறுபடும். பதிலே சொல்லாமல் விட்டிருந்தால், வங்கி தன் விதிப்படி சில நாள் பார்த்துவிட்டு டொராண்டோவுக்கே திருப்பி அனுப்பியிருக்கும். போகும்போதும் கட்டணம் பிடிப்பார்கள்.

பணம் எங்கே நிற்கிறது என்றே தெரியாதபோது செய்ய வேண்டியது வேறு. அனுப்பியவரிடம் அவருடைய வங்கி தந்த ஸ்விஃப்ட் நகலைக் கேளுங்கள். MT103 என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும். அதில் UETR என்ற 36 எழுத்து நீளமுள்ள எண் இருக்கும். அதைக் கொண்டு பணம் இப்போது எந்த வங்கியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். நம் வங்கிக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிந்தால், தேட வேண்டியது மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியை. காகிதம் கேட்டு வங்கி எழுதிய கடிதம் பல முறை அங்கேதான் கிடக்கும்.

பேபால் போன்ற தளங்கள் வழியாகப் பணம் வாங்குகிறவர்கள் தங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்கிறார்கள். 2010 பிப்ரவரியில் பேபாலிலிருந்து இந்திய வங்கிக் கணக்குக்குப் பணம் எடுப்பது நின்றுபோனதும், மார்ச்சில் மறுபடி திறந்தபோது காரணக் குறியீட்டை நிரப்பினால்தான் எடுக்கலாம் என்று ஆனதும் பழையவர்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தளங்களிலும் குறியீடு உண்டு. கணக்குத் தொடங்கியபோது ஒரு முறை தேர்ந்தெடுத்தது, மறந்திருப்பீர்கள். ஒரு தடவை உள்ளே போய், அது இன்று நீங்கள் செய்யும் வேலைக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

அவளுடைய அடுத்த இன்வாய்ஸை நான் பார்த்தேன். "கோயில் விமானக் கட்டட வரைபடங்கள், 6 தாள்கள், மின்னஞ்சலில் ஒப்படைப்பு" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு முழு வரி. அதன் கீழே `Purpose code: P1009`. அதற்கும் கீழே, பணம் அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் இன்வாய்ஸ் எண்ணையும் "architectural drawings" என்ற சொற்களையும் மட்டும் எழுதும்படி ஒரு வேண்டுகோள். உங்கள் அடுத்த இன்வாய்ஸிலும் இந்த மூன்று வரிகளை, உங்கள் வேலைக்குரிய சொல்லோடும் குறியீட்டோடும், இன்றே சேர்த்துவிடுங்கள். எந்தக் குறியீடு என்று சந்தேகம் இருந்தால், பணம் கிளம்பும் முன்பே உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.