மின்சாரக் கார் வாங்குவோர் போட வேண்டிய கணக்கு

மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்கள் காரின் விலையைக் கேட்கிறார்கள். ஒரு கிலோமீட்டர் ஓட என்ன செலவு என்றும் கேட்கிறார்கள். "ஒரு ரூபாய்தான்" என்று பதில் வருகிறது.

அது உண்மையா? பாதி உண்மை.

காருக்கு மின்சாரம் ஏற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இரவில் வீட்டுப் பிளக்கில் மெதுவாக ஏற்றுவது. மற்றொன்று, நெடுஞ்சாலையில் உள்ள வேக சார்ஜ் நிலையத்தில் ஏற்றுவது. இரண்டுக்கும் விலை வேறு.

வீட்டில் என்ன ஆகும்?

கொடுமுடியில் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவாகிறது. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட், யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. அதற்கு மேல் 400 வரை 4 ரூபாய் 80 காசு. ஆகவே பில் 715 ரூபாய். 2025 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோது, வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது.

இந்த வீட்டுக்குக் கார் வருகிறது. இரண்டு மாதத்தில் 1,800 கிலோமீட்டர் ஓடுகிறது. சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, சிறிய கார் ஒரு யூனிட்டில் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் ஓடும். ஆகவே காருக்கு 300 யூனிட் வேண்டும். வீட்டின் மொத்தக் கணக்கு 600 யூனிட் ஆகிறது.

பில் இரட்டிப்பாகுமா? இல்லை. நான்கு மடங்காகிறது! 2,940 ரூபாய்.

காரணம் என்ன? யூனிட் கூடக்கூட விலையும் கூடுகிறது. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 45 காசு. அதற்கு மேல் 600 வரை 8 ரூபாய் 55 காசு. இன்னொன்றும் உண்டு. 500ஐத் தாண்டினால், இரண்டாவது 100 யூனிட்டுக்குக் கிடைத்த சலுகை போய்விடும். அதற்கும் 4 ரூபாய் 80 காசு கட்ட வேண்டும். 501வது யூனிட் எரிந்த உடனே பில்லில் 245 ரூபாய் கூடுதலாக ஏறும்.

காருக்காக மட்டும் கூடிய தொகை 2,225 ரூபாய். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 ரூபாய் 24 காசு.

வெளியில் என்ன ஆகும்?

வேக சார்ஜ் நிலையங்களின் விலை இடத்துக்கு இடம் மாறும். யூனிட்டுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீத வரி சேர்ந்து 23 ரூபாய் 60 காசு ஆகிறது. அங்கே வீணாவது சற்றுக் குறைவு. ஆகவே அதே தூரத்துக்கு 270 யூனிட் போதும். அதற்கு 6,372 ரூபாய். கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 54 காசு. வீட்டுச் செலவைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு.

"500ஐத் தாண்டாமல் வெளியில் ஏற்றிக்கொள்ளலாமே" என்று சிலர் நினைக்கலாம். அது நஷ்டம். வீட்டில் கடைசி 100 யூனிட்டுக்கு, போன சலுகையையும் சேர்த்து, 1,100 ரூபாய்தான். அதே ஓட்டத்துக்கு வெளியில் 90 யூனிட், 2,124 ரூபாய்.

எவ்வளவு ஒதுக்குவது?

தினமும் ஈரோட்டுக்கோ கரூருக்கோ போய்வரும் ஓட்டம் முழுவதும் வீட்டுக் கணக்கில் சேரும். கோயம்புத்தூர், சென்னை போன்ற தூரப் பயணம் மட்டும் வெளிக் கணக்கில் சேரும். இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். மேலே சொன்ன 1,800 கிலோமீட்டரில் 600 கிலோமீட்டர் வெளியில் ஏற்றினால், மொத்தம் 3,249 ரூபாய். வீட்டில் 1,125, வெளியில் 2,124. மூன்றில் ஒரு பங்கு ஓட்டம், மூன்றில் இரண்டு பங்கு பணத்தைத் தின்றுவிடுகிறது!

வீட்டில் சார்ஜ் போட வசதி இல்லாதவர், முழு ஓட்டத்தையும் வெளி விலையில்தான் கணக்கிட வேண்டும்.

வீட்டுச் செலவில் வயரிங்கும் அடங்கும். 15 ஆம்பியர் பிளக்குக்குத் தனி வயரும் சரியான எர்த்தும் வேண்டும். பல மணி நேரம் ஓயாமல் மின்சாரம் ஓடும். பிளக் கை பொறுக்காத அளவு சுட்டாலோ, கருகிய வாசனை வந்தாலோ, உடனே நிறுத்தி எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும்.

தோட்டத்துப் பம்புசெட் இணைப்பில் காரை மாட்டுவது கூடாது. இலவச மின்சாரம் பயிருக்கு; காருக்கு அல்ல. பிடிபட்டால் அபராதம் விழும்.

கார் வாங்கும் முன், கடைசி ஆறு மின் பில்களை எடுத்துப் பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் எத்தனை யூனிட், மழைக் காலத்தில் எத்தனை யூனிட் என்று தெரியும். அதன் மேல் காரின் யூனிட்டைக் கூட்டினால், வரப்போகும் பில் இப்போதே தெரிந்துவிடும்.