வேகாத கோழியும் ஒரு கடிதமும்

உணவகத்தில் ஏதாவது கோளாறு என்றால் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். வாய் திறக்காமல் காசைக் கட்டிவிட்டு வருகிறோம்; அல்லது படம் பிடித்துப் புலனத்தில் பரப்புகிறோம். முதல் வழியில் அடுத்து வருபவரும் அதையே சாப்பிடுகிறார். இரண்டாவதில் எதைத் திருத்துவது என்று கடைக்காரருக்கே தெரிவதில்லை. கடந்த மாதம் நான் உரிமையாளருக்கே கடிதம் எழுதினேன். கடையின் பெயரை நீக்கிவிட்டு இங்கே தருகிறேன்.

மதிப்பிற்குரிய உரிமையாளர் அவர்களுக்கு, வணக்கம்.

நேற்று, ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்கு, நானும் மனைவியும் ஏழு வயது மகளும் உங்கள் கடையில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டோம். கைகழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசை. ரசீதின் நகலை இணைத்துள்ளேன்.

மகளுக்குப் பொரித்த கோழித்தொடை வாங்கினோம். மேல்தோல் நன்கு சிவந்து மொறுமொறுப்பாக இருந்தது. பிய்த்துக் கொடுக்கப் பார்த்தபோது சதை எலும்பைவிட்டுப் பிரியவில்லை. உள்ளே கொழகொழவென்று, தொட்டால் சில்லென்று இருந்தது. எலும்போரம் சிவந்திருந்தால் மட்டும் வேகவில்லை என்று சொல்லிவிட முடியாது. இளங்கோழியில் எலும்புக்குள் இருக்கும் நிறம் கசிந்து, வெந்த பிறகும் அப்படித் தெரியும். நான் குறை சொல்வது நிறத்தை அல்ல. அந்தக் குளிர்ச்சியையும் கொழகொழப்பையும்தான்.

உறைந்த கோழியை முழுதாக இளகவிடாமல் எண்ணெயில் போட்டால் இப்படி ஆகும். உள்ளே பனி கரைவதற்குள் வெளியே சிவந்துவிடும். முதல் நாளே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிட்டு, தொடையை எலும்புவரை கீறிப் பொரித்தால் உள்ளே சூடு இறங்கும். சமையல் வெப்பமானியைத் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். 74 பாகை செல்சியஸ் காட்டினால் கவலை இல்லை.

பரிமாறிய தம்பி மரியாதையாகவே வேறு துண்டு கொண்டுவந்தார். ஆனால் அதே ஈட்டில் பொரித்த மற்றத் துண்டுகள் தட்டில் அப்படியே இருந்தன. பிற மேசைகளுக்கும் போயின. ஒரு துண்டு வேகவில்லை என்றால் அந்த ஈடு முழுவதையும் எடுத்துப் பார்க்க வேண்டாமா? எனக்குப் பெரிய கவலை இதுதான்.

சாப்பிடும் இடத்தில் கண்ட இரண்டைச் சொல்கிறேன். பக்கத்து மேசையில் கிடந்த எலும்புகளை ஒரு துணியால் வழித்தார்கள். அலசாமல் அதே துணியால் எங்கள் மேசையையும், பிறகு தண்ணீர்க் குவளை வைக்கும் தட்டையும் துடைத்தார்கள். குவளைகளை உள்ளே விரல்விட்டு நான்கு நான்காகத் தூக்கி வந்தார்கள். மேசைக்கு ஒரு துணி, தட்டுக்கு வேறு துணி, அலச ஒரு வாளி இருந்தால் போதும்.

மகள் ஒரு வாய் சாப்பிட்டிருந்தாள். இதுவரை யாருக்கும் எதுவும் இல்லை. கோழியில் இருக்கும் காம்பைலோபேக்டர் கிருமி வேலையைக் காட்ட 2 முதல் 5 நாள் ஆகலாம் என்பதால் காத்திருக்கிறோம். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. என்ன மாற்றினீர்கள் என்று இரண்டு வாரத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

கடிதம் இவ்வளவுதான். நான்காம் நாள் உரிமையாளர் அழைத்தார். முதலில் மகளைப் பற்றிக் கேட்டார், நலம் என்றேன். ரசீதில் இருந்த நேரத்தை வைத்து அது எந்த ஈடு என்று கண்டுபிடித்திருந்தார். கூட்டம் கூடியதும் உறைபெட்டியிலிருந்து எடுத்து நேராகச் சட்டியில் போட்டார்களாம். இப்போது சனிக்கிழமை காலையிலேயே கோழியைக் கீழே இறக்கிவிடுவதாகச் சொன்னார். “கடை மோசம் என்று மட்டும் எழுதியிருந்தால் யாரைக் கேட்பது என்றே தெரிந்திருக்காது சார்” என்றார்.

பதில் வராவிட்டால் கடித நகலையும் ரசீதையும் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கொடுக்கலாம். உணவைக் கையாள்பவர்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள் சொல்கின்றன. தூய்மை மிக மோசமாக இருந்தால், 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டப்படி கடையை 14 நாள்வரை மூடவும் உத்தரவிடலாம். சாப்பிட்ட பிறகு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தால் கடிதத்துக்குக் காத்திராதீர்கள். முதலில் மருத்துவரிடம் போங்கள். எங்கே, எப்போது, என்ன சாப்பிட்டீர்கள் என்பதை அவரிடம் சொல்லுங்கள். நேற்றுச் சாப்பிட்டதை மட்டும் அல்ல, கடந்த ஐந்து நாளில் சாப்பிட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.