கூட்டாளி பாதியில் விலகினால் பங்கு யாருக்கு?

1983-ம் ஆண்டு. கடலூரைச் சேர்ந்த சி.கே.ரங்கநாதன், சகோதரர்களுடன் கருத்து ஒத்துப் போகாததால் குடும்பத் தொழிலிலிருந்து விலகினார். கையில் இருந்த 15,000 ரூபாயைப் போட்டுத் தனியாக ஷாம்பு தொழில் தொடங்கினார். அதுவே பின்னாளில் "கெவின்கேர்" ஆயிற்று.

பிரிவு எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. பங்குச் சண்டை கோர்ட்டுக்கும் போகிறது. ஆகவே தொழில் தொடங்கும்போதே, விலகும் நாளுக்கும் சேர்த்து ஒப்பந்தம் எழுதுகிறார்கள்.

யாருக்கு என்ன வேலை?

ஓர் உதாரணம் பார்ப்போம். கடலூர்க்காரர் ஒருவரும் சிதம்பரத்துக்காரர் ஒருவரும் கம்பெனி தொடங்குகிறார்கள். கடலூர்த் துறைமுகத்து மீனைச் சிதம்பரத்தில் வீடு வீடாக விற்பது தொழில். முன்னவர் கொள்முதல் பார்ப்பார். பின்னவர் விற்பனையும் கணக்கும் பார்ப்பார். இதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். வேலை இன்னதென்று எழுதியிருந்தால்தான், ஒருவர் அதை எந்தத் தேதியில் நிறுத்தினார் என்று சொல்ல முடியும்.

நான்கு வருடக் கணக்கு

ஆளுக்கு 5,000 பங்கு. ஒரு பங்கின் விலை 10 ரூபாய். பங்குகள் முதல் நாளே அவரவர் பெயரில் இருக்கும். ஆனால் உழைக்க உழைக்கத்தான் அவை முழுச் சொந்தம் ஆகும். இதற்கு "வெஸ்டிங்" என்று பெயர். 48 மாதம் உழைத்தால் எல்லாம் சொந்தம். முதல் 12 மாதத்துக்குள் போனால் ஒன்றும் இல்லை.

சிதம்பரத்துக்காரருக்கு 18-வது மாத முடிவில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். 48-ல் 18 பங்கு, அதாவது 1,875 பங்கு அவருடையது. மீதி 3,125 பங்கைப் போட்ட விலைக்கே கடலூர்க்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் கைக்கு வருவது 31,250 ரூபாய். எட்டாவது மாதமே போயிருந்தால், 5,000 பங்கையும் கொடுத்து 50,000 ரூபாயை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இந்த ஏற்பாடு இல்லாவிட்டால்? போனவரிடம் பாதிக் கம்பெனி இருக்கும். உழைப்பவர் ஒருவர்; லாபத்தில் பாதி இன்னொருவருக்கு!

நோயோ மரணமோ காரணமானால், விதியைச் சற்றுத் தளர்த்தி எழுதுவது உண்டு. மோசடி செய்து போனவருக்கு, சொந்தமான பங்கும் பறிபோகும் என்று எழுதுவதும் உண்டு.

எங்கே எழுதுவது?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஒரு குடும்பக் கம்பெனியில் 25, 25 பங்காக இரு கிளையினர் வைத்திருந்தனர். பங்கை விற்றால் சொந்தக் கிளைக்கே முதலில் கொடுக்க வேண்டும் என்று வாய்ப்பேச்சாக ஓர் உடன்பாடு. ஒருவர் அதை மீறி விற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1991-ல் ரங்கராஜ் - கோபாலகிருஷ்ணன் வழக்கில் தீர்ப்பு வந்தது. கம்பெனியின் சங்க விதிகளில் இல்லாத அந்தத் தடை, கம்பெனியையும் பங்குதாரர்களையும் கட்டுப்படுத்தாது என்றது கோர்ட்.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. பங்கைத் திருப்பிக் கொடுக்கும் விதியைச் சங்க விதிகளிலும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். கம்பெனி வளர்ந்த பிறகு போட்ட விலைக்கே பங்கு கைமாறினால், வாங்குபவருக்கு வருமான வரி வரக்கூடும். அதை ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவையும் பேசி முடிக்க நல்ல நேரம், இருவரும் சிரித்த முகத்தோடு இருக்கும் முதல் நாள்தான்.