முடிவு முதல் வரியில்

முப்பத்துநாலு மெயில் ஓடின த்ரெட்டை "கீழே பாருங்க சார்"னு அனுப்பினா, மேலதிகாரி படிக்க மாட்டார். கேட்கிற முடிவை முதல்ல வையுங்க:

"ரிலீஸை வியாழன் இரவிலிருந்து திங்கள் இரவுக்கு மாற்ற ஒப்புதல் தேவை, புதன் மதியம் 3 மணிக்குள். பதில் வராவிட்டால் வியாழனே நடக்கும்."

அடுத்து காரணம். 2022 ஜனவரியிலிருந்து அமீரக அரசுக்கு விடுமுறை சனி, ஞாயிறு. சவுதியில் வெள்ளி, சனி. வியாழன் இரவு ஏதாவது உடைந்தால், மறுநாள் ரியாத் டீம் லீவில் இருக்கும்.

கடைசியா, யார் என்ன சொல்றாங்க: "ரியாத் சம்மதம். சேல்ஸ் மறுப்பு, கஸ்டமரிடம் வியாழன் என்று சொல்லியாச்சு." மறுப்பை விட்டுட்டா, அவர் தெரியாமலே ஒப்புதல் தருவார்.

அனுப்பும் முன் கடைசி மெயிலைப் பாருங்க. பத்தாவது மெயில்ல சரின்னவர் முப்பதாவதுல மாறியிருக்கலாம்.