கையில் வரும் 1,245 வெள்ளி



"மாசம் ரெண்டாயிரம் வெள்ளி சம்பளம். தங்க இடம் உண்டு, சாப்பாடும் உண்டு." கோலாலம்பூரில் ஒரு உணவகத்தில் சமையல் மாஸ்டர் வேலைக்குப் போன நம் ராமநாதபுரம் மாவட்டத் தோழர் ஒருவருக்கு ஏஜெண்ட் சொன்ன வார்த்தை இவ்வளவுதான். அதில் பொய் எதுவும் இல்லை. இடம் உண்டு, சாப்பாடும் உண்டு. அதற்குக் காசு யார் கட்டுவது என்பதை மட்டும் ஏஜெண்ட் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

முதல் மாதச் சம்பளச் சீட்டை அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அவர் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். அதனால் அவர் பெயரையும் உணவகத்தின் பெயரையும் இங்கே சொல்லவில்லை. கணக்கை மட்டும் சொல்கிறோம்.

மொத்தச் சம்பளம் 2,000 வெள்ளி. (ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.) அதில் அறைக்கு 250 பிடித்தம், சாப்பாட்டுக்கு 300 பிடித்தம், 'பெர்மிட்' என்று எழுதி 155 பிடித்தம். ஊழியர் சேமநிதிக்கு 40, சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்புக்குச் சுமார் 10. எல்லாம் போகக் கையில் வந்தது 1,245 வெள்ளி.

வெள்ளிக்கு 20 ரூபாய் என்று வைத்தால் 24,900 ரூபாய். போன், சோப்பு, கைச்செலவுக்கு 200 வெள்ளியை அவர் வைத்துக்கொள்கிறார். மீதி 20,900 ரூபாய் ஊருக்கு வருகிறது. ஏஜெண்டுக்குக் கொடுக்க மூணு வட்டிக்கு வாங்கிய 1,10,000 ரூபாய்க்கு மாத வட்டி மட்டும் 3,300. ஆக வீட்டுக்காரம்மா கையில் நிற்பது 17,600 ரூபாய். இதே மனிதர் ஊரில் பரோட்டா மாஸ்டராக இருந்தபோது நாளுக்கு 700 ரூபாய் வாங்கினார். மாதம் 26 நாள் வேலைக்கு 18,200 ரூபாய். சாப்பாடு கடையிலேயே, படுக்கை சொந்த வீட்டில்.

கடல் தாண்டிப் போயும் 600 ரூபாய் குறைவு. அசல் அப்படியே நிற்கிறது.

"எல்லா இடத்துலயும் பிடிக்கத்தானே செய்றாங்க, என்ன பண்றது" என்று அவரே சொல்கிறார். இங்கேதான் நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் திருட்டு அல்ல. எது நியாயம், எது அநியாயம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் கேட்க முடியும். மலேசியச் சட்டத்தையே வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம்.

முதலில் சேமநிதி. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இது கட்டாயம். தொழிலாளியிடம் 2 சதவீதம் பிடிக்க வேண்டும், முதலாளியும் தன் பங்காக 2 சதவீதம் போட வேண்டும். ஆகவே 40 வெள்ளி சரிதான். இது போய்த் தொலைந்த காசு இல்லை, அவர் பெயரில் சேர்கிற காசு. வேலை முடிந்து ஒரேயடியாக ஊர் திரும்பும்போது முதலாளி போட்டதையும் சேர்த்து விண்ணப்பித்து எடுத்துக்கொள்ளலாம். இது தெரியாமல் விட்டுவிட்டு வருபவர்கள் இருப்பார்கள், அதனால்தான் சொல்கிறோம். சொக்சோ பிடித்தமும் சட்டப்படியானதே.

அடுத்தது அறை. தொழிலாளர் குடியிருப்புக்கு என்றே மலேசியாவில் 'சட்டம் 446' என்று ஒன்று இருக்கிறது. அதன் விதிகளின்படி, முதலாளி தரும் தங்குமிடத்துக்கு ஒரு தொழிலாளியிடம் மாதம் 100 வெள்ளிக்கு மேல் வாங்கக் கூடாது. இவரிடம் பிடிப்பது 250. கோலாலம்பூரில் வாடகை அதிகம் என்று முதலாளி சொல்லலாம். ஆனால் இவர் இருப்பது எட்டுப் பேர் தங்கும் வீடு. தலைக்கு 250 என்றால் மாதம் 2,000 வெள்ளி. அந்த வீட்டின் வாடகை அதைவிடக் குறைவு என்றால் முதலாளி நடத்துவது உணவகம் மட்டும் இல்லை, கூடவே ஒரு லாட்ஜும் நடத்துகிறார். அதன் வாடிக்கையாளர்கள் வேறு எங்கும் போக முடியாத அவருடைய சொந்தத் தொழிலாளிகள்.

மூன்றாவது 'பெர்மிட்'. இந்த 155 எங்கிருந்து வந்தது? தீபகற்ப மலேசியாவில் சேவைத் துறைத் தொழிலாளி ஒருவருக்கு அரசு வசூலிக்கும் லெவி ஆண்டுக்கு 1,850 வெள்ளி. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் சுமார் 154. முதலாளி அதைத்தான் மாதாமாதம் திருப்பி எடுக்கிறார். ஆனால் 2018 முதல் லெவி முதலாளியின் பொறுப்பு. தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது. சீட்டில் 'லெவி' என்று எழுதாமல் 'பெர்மிட்' என்று எழுதியதற்கான காரணத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாகச் சாப்பாடு. இதுதான் சிக்கலானது, நேர்மையாகவே சொல்லிவிடுவோம். சாப்பாட்டுக்குப் பிடிக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு அதற்கு நிபந்தனை போடுகிறது. பிடித்தம் செய்யச் சொல்லித் தொழிலாளி எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், தொழிலாளர் துறையும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி தந்திருக்க வேண்டும். அந்த ஏற்பாடு தொழிலாளிக்கு நன்மையானது என்று துறைக்குத் திருப்தி வந்தால்தான் அனுமதி கிடைக்கும். நம் தோழர் எழுதிக் கொடுத்தாரா? "வந்த அன்னிக்கு நாலஞ்சு பேப்பர்ல கையெழுத்து வாங்குனாங்க, எல்லாம் மலாய்ல இருந்துச்சு" என்கிறார். அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது, துறை அனுமதி இருந்ததா என்று கேட்கிற உரிமை அவருக்கு உண்டு.

சமையல்காரர் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. காலையில் அடுப்பைப் பற்ற வைப்பதிலிருந்து இரவு கல்லைக் கழுவி வைக்கிற வரைக்கும் அவர் அந்தச் சமையலறையில்தான் நிற்கிறார். வியாபாரம் அடங்கிய பிறகு சட்டியில் மிஞ்சிய சோற்றையும் குழம்பையும்தான் சாப்பிடுகிறார். தன் கையால் ஆக்கிய மிச்சத்துக்குத் தானே மாதம் 300 வெள்ளி கட்டுகிறார்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம். 2,000-இல் அறைக்கு 100, சேமநிதிக்கு 40, சொக்சோவுக்கு 10 போனால் மீதி 1,850. சாப்பாட்டுப் பிடித்தம் முறையானது என்றே வைத்துக்கொண்டாலும் 1,550 கையில் வந்திருக்க வேண்டும். வந்தது 1,245. மாதம் 305 வெள்ளி குறைகிறது. இரண்டு வருட ஒப்பந்தத்தில் 7,320 வெள்ளி, கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் ரூபாய். ஏஜெண்டுக்காக வாங்கிய கடனின் அசல் முழுவதையும் இதைக் கொண்டே அடைத்திருக்கலாம்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மாதப் பிடித்தம் பொதுவாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. இவருக்கு மொத்தப் பிடித்தம் 755, பாதியைத் தாண்டவில்லை. மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, இவர் சம்பளம் 2,000. அதற்கும் மேலேதான். மேலோட்டமாகப் பார்க்கிற அதிகாரிக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். மொத்தத்தைப் பார்த்தால் குற்றம் தெரியாது, வரி வரியாகப் பார்த்தால்தான் தெரியும். குறைந்தபட்சச் சம்பளம் ஏறும்போதெல்லாம் அறை வாடகையையும் சாப்பாட்டுக் காசையும் சேர்த்து ஏற்றிவிட்டால் தொழிலாளி கையில் ஒரு வெள்ளிகூடக் கூடாது.

"அப்ப புகார் கொடுக்க வேண்டியதுதானே" என்று இங்கே உட்கார்ந்து சொல்வது சுலபம். மலேசியத் தொழிலாளர் துறையில் சம்பளப் புகார் கொடுக்க வழி இருக்கிறது, வெளிநாட்டுத் தொழிலாளியும் கொடுக்கலாம். ஆனால் அவருடைய பெர்மிட் அந்த முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. முதலாளி ரத்து செய்தால் ஊருக்குத் திரும்ப வேண்டும், கடன் மட்டும் நிற்கும். அந்தப் பயத்தில்தான் பிடித்தம் ஓடுகிறது. ஆகவே இன்று புகார் கொடுக்க முடியாதவர்கள்கூட ஒன்று செய்யலாம். சம்பளச் சீட்டுகளையும், பணம் வந்த வங்கிக் கணக்கு விவரத்தையும் மாதாமாதம் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். என்றாவது ஒரு நாள் கேட்கும்போது அந்தப் படங்கள்தான் பேசும்.

இந்த விஷயத்தில் பாதித் தவறு நம் மண்ணிலேயே நடக்கிறது. பதிவு பெற்ற ஏஜெண்ட் ஒருவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 35,400. நம் தோழர் கொடுத்தது 1,10,000. ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று ஒன்றிய அரசின் emigrate.gov.in தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் மலேசியாவுக்கு வேலைக்குப் போக குடியகல்வு அனுமதி வாங்க வேண்டும், அதற்கு ஒப்பந்தம் காட்ட வேண்டும். இதைத் தவிர்க்கத்தான் "டூரிஸ்ட் விசால போயிரு, அங்க போய் மாத்திக்கலாம்" என்கிறார்கள். அப்படிப் போனவருக்கு ஒப்பந்தமும் இல்லை, கேட்க நாதியும் இல்லை.

எனவே நம் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். குடியகல்வு அனுமதிக்கு வரும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், மொத்தச் சம்பளத்துக்குக் கீழே ஒவ்வொரு பிடித்தமும் தொகையோடு, கடைசியில் "கையில் வரும் தொகை" என்ற வரியோடு, தமிழில் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத ஒப்பந்தத்துக்கு ஒன்றிய அரசு அனுமதி தரக் கூடாது. மாநில அரசின் அயலகத் தமிழர் நலத்துறை, போகும் முன்பே அதைத் தொழிலாளிக்குப் படித்துக் காட்ட ஏற்பாடு செய்ய வேண்டும்.

அது வரும்வரை நம் கையில் இருப்பது ஒரு கேள்விதான். உங்கள் தெருவில் யாராவது சமையல் வேலைக்கு வெளிநாடு கிளம்பினால், "சம்பளம் எவ்வளவு" என்று கேட்காதீர்கள். "ரூமுக்கு எவ்ளோ, சாப்பாட்டுக்கு எவ்ளோ, பெர்மிட்டுக்கு எவ்ளோ பிடிப்பாங்க? எல்லாம் போக கைல எவ்ளோ வரும்?" என்று ஏஜெண்டிடம் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். பதிலும் எழுத்திலேயே வரட்டும். பதில் வராவிட்டால் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டாம்.